ஏஆர்டிஎஸ்: நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது, மென்மையான வென்டிலேஷனும் குப்புறப் படுக்கையும் எப்படி உதவுகின்றன

ஐசியு வாசலில் நிற்கும் உறவினர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூச்சு விடவே முடியாதவரைக் குப்புறப் போட்டிருக்கிறீர்களே, இன்னும் மூச்சு முட்டாதா?" நியாயமான கேள்விதான். புதிதாக ஐசியு பணிக்கு வரும் செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் இதே சந்தேகம் வேறொரு வடிவில் வரும். ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும்போது வென்டிலேட்டரில் காற்றை ஏன் கூட்டாமல் குறைக்கிறோம் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஏஆர்டிஎஸ், அதாவது அழற்சியால் திடீரென வரும் கடுமையான மூச்சுச் செயலிழப்பு, தாக்கிய நுரையீரலின் உட்புறத்தை ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

உள்ளே நடப்பது

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தத் தந்துகிகள் வலைபோலப் படர்ந்திருக்கும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரானைக்கூடத் தொடாது. ஆக்ஸிஜன் எளிதாக உள்ளே போவதற்கு இந்த மெல்லிய சுவர்தான் காரணம். நோய் வந்தால் முதலில் கெடுவதும் இதுவே.

கடுமையான நிமோனியா, உடலெங்கும் பரவிய நோய்த்தொற்று, வயிற்றில் இருந்த பொருள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுவது, கணைய அழற்சி, பெரிய விபத்து என்று தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம். அதை எதிர்க்கத் திரளும் வெள்ளையணுக்கள் இந்தச் சுவரையும் சேர்த்துப் புண்ணாக்கிவிடுகின்றன. தந்துகிகள் கசிகின்றன. புரதம் நிறைந்த நீர் காற்றறைகளுக்குள் புகுந்து தேங்குகிறது. சில நாட்களில் அந்தப் புரதமும் இறந்த செல்களும் சேர்ந்து அறையின் உட்சுவரில் கண்ணாடிபோன்ற ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன.

அதோடு இன்னொரு இழப்பும் நேர்கிறது. காற்றறைகளின் உட்பரப்பில் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் பூசப்பட்டிருக்கும். மூச்சை வெளியே விடும்போது அறை முழுதாக மூடி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது அதனால்தான். அதைச் சுரக்கும் செல்கள் காயமடைகின்றன, இருக்கும் கொஞ்சமும் உள்ளே கசிந்த புரதத்தால் வீரியம் இழக்கிறது. நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டால் ஊதித் திறக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கும்? அந்த நிலைக்குக் கோடிக்கணக்கான அறைகள் போய்விடுகின்றன.

மூடிய அறைகளைச் சுற்றியும் ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காற்றையே சந்திக்காமல், வந்த கருஞ்சிவப்பு நிறத்திலேயே அது இதயத்துக்குத் திரும்பிவிடுகிறது. இந்த நோயில் நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுத்தும் அளவு ஏறாமல் நிற்பது இதனால்தான். கதவு அடைத்திருக்கும் அறைக்கு வெளியே எவ்வளவு ஆக்ஸிஜன் இருந்தும் அதைச் சுற்றி ஓடும் ரத்தத்துக்குப் பயனில்லை.

1967இல் ஆஷ்பா, பெட்டி முதலிய மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இந்த நிலையை முதன்முதலாக விவரித்தபோது, நுரையீரல் முழுவதுமே விறைத்துப்போவதாகத்தான் எல்லோரும் எண்ணினார்கள். மார்பு எக்ஸ்ரேயில் இரு பக்கமும் ஒரே வெண்மையாகத் தெரியும், அதனால் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. 1980களில் இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனியின் குழு இந்த நோயாளிகளுக்கு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்ததும் படம் மாறியது. மல்லாந்து படுத்திருப்பவரின் நுரையீரலில் முன்பகுதி கறுப்பாக, அதாவது காற்றோடு, ஓரளவு நன்றாகவே இருந்தது. முதுகுப் பக்கம் முழுக்க வெள்ளையாக, காற்றில்லாமல் மூடிக் கிடந்தது. வளர்ந்த மனிதரின் மார்புக்குள் வேலை செய்த நுரையீரல் ஐந்தாறு வயதுக் குழந்தையுடையதன் அளவுதான். அதற்கு அவர் 'குழந்தை நுரையீரல்' என்றே பெயர் வைத்தார். நுரையீரல் விறைக்கவில்லை, சிறுத்துவிட்டது. இந்த ஒரு வரி புரிந்தால் வென்டிலேட்டரை எப்படி வைப்பது என்பதும் புரியும்.

படி 1: உயரத்தை அளந்து காற்றின் அளவைக் கணக்கிடுவது

பெரியவர் ஒருவருக்கான காற்றை இந்தச் சின்ன நுரையீரலுக்குள் தள்ளினால், மூடிய அறைகள் அப்படியே கிடக்கும். திறந்திருக்கும் நல்ல அறைகள்தான் அத்தனையையும் வாங்கி, அளவுக்கு மீறி விரிந்து கிழியும். கிழிந்த இடத்திலிருந்து அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம், கல்லீரல் என்று மற்ற உறுப்புகளையும் தாக்கும். ஏஆர்டிஎஸ்ஸில் இறப்பவர்களில் பெரும்பாலானோர் ஆக்ஸிஜன் குறைவால் மட்டும் இறப்பதில்லை, பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்துதான் இறக்கிறார்கள்.

ஆகவே ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதே முதல் முடிவு. அதை நோயாளியின் எடையை வைத்துக் கணக்கிடக் கூடாது. உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. அதன் அளவு உயரத்தையும் பாலினத்தையும் பொறுத்தது. அதனால் உயரத்திலிருந்து ஓர் 'எதிர்பார்க்கும் எடை'யைக் கணக்கிடுகிறோம்:

```
ஆண்:  50 + 0.91 × (உயரம் செ.மீ. − 152.4)
பெண்: 45.5 + 0.91 × (உயரம் செ.மீ. − 152.4)
```

இந்த எடையில் கிலோவுக்கு 6 மில்லி வீதம் தொடங்க வேண்டும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். விளக்கத்துக்காக நான் அமைத்த எடுத்துக்காட்டு இது. ஆனால் இதில் வரும் எண்கள் ஐசியுவில் அன்றாடம் பார்க்கக்கூடியவை. 45 வயதுப் பெண், நிமோனியா, மூன்றாம் நாள் மூச்சுத்திணறல் முற்றி டியூப் போட்டாகிவிட்டது. எடை 78 கிலோ, உயரம் 155 செ.மீ. கணக்கின்படி அவருடைய எதிர்பார்க்கும் எடை ஏறக்குறைய 48 கிலோ. அப்படியென்றால் ஒரு மூச்சுக்கு 290 மில்லி. எடைக் கருவி காட்டிய 78ஐ வைத்து அதே 6 மில்லிக் கணக்குப் போட்டிருந்தால் 468 மில்லி வந்திருக்கும். அது அவர் நுரையீரலுக்குக் கிலோவுக்குப் பத்து மில்லிக்கு நெருக்கமான அளவு. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் அடிக்கடி நடப்பது இதுதான், குட்டையான பெண்கள்தான் இதற்கு அதிகம் பலியாகிறார்கள். உயரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், படுக்கையிலேயே டேப் வைத்து அளக்கும்படி நான் எப்போதும் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

அளவைக் குறைத்ததும் பல இடங்களில் ஒரு தயக்கம் எழும், ஏனென்றால் ஆக்ஸிஜன் எண் சற்று இறங்கக்கூடும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு இதை நேருக்கு நேர் சோதித்தது. கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களுக்கு முதல் சில நாட்களில் ஆக்ஸிஜன் நன்றாகவே இருந்தது. ஆனால் அவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் இறந்தவர்கள் 31 சதவீதம். திரையில் அழகான எண்ணைப் பார்த்தவர்கள் கூடுதலான உயிர்களை இழந்தார்கள். ஆகவே ரத்த ஆக்ஸிஜன் செறிவு 88 முதல் 95 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை.

படி 2: அழுத்தத்தை அளந்து மீண்டும் சரிசெய்வது

6 மில்லி என்பது தொடக்கம்தான். 'குழந்தை நுரையீரல்' எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதன் உண்மையான அளவை அழுத்தம்தான் சொல்லும். மூச்சு உள்ளே போய் முடிந்த இடத்தில் வென்டிலேட்டரின் நிறுத்தப் பொத்தானை அரை விநாடி அழுத்தினால் காற்றோட்டம் நின்று ஓர் எண் வரும். அதுதான் ப்ளாட்டோ அழுத்தம். காற்றறைகள் உணரும் அழுத்தத்துக்கு அது மிக அருகில் இருக்கும். 30 செ.மீ. நீரைத் தாண்டக் கூடாது. அந்த நொடியில் நோயாளி தானாக மூச்சிழுக்க முயன்றால் எண் பொய்யாகிவிடும் என்பதால், அவர் அமைதியாக இருக்கும்போது அளக்க வேண்டும்.

இன்னொரு எண் பீப். மூச்சை வெளியே விட்டு முடித்த பின்னும் உள்ளே விட்டுவைக்கும் அழுத்தம் அது. சர்ஃபாக்டன்ட் இழந்த அறைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டுவதும் பிரிவதுமாக உரசிப் புண்ணாகாமல் அது காக்கிறது. கூடிப்போனாலோ நல்ல அறைகளை ஊதிப் பெருக்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையும் தடுத்து ரத்த அழுத்தத்தை இறக்கும். ப்ளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தால் கிடைப்பது ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் வாங்கும் தள்ளுவிசை. அது 15க்குக் கீழே இருக்கட்டும் என்று பார்ப்போம்.

நம் நோயாளிக்கு வருவோம். மூச்சு 290 மில்லி, நிமிடத்துக்கு 24 முறை, பீப் 12, கொடுக்கும் ஆக்ஸிஜன் 80 சதவீதம். ப்ளாட்டோ 28. முப்பதுக்குள் இருப்பதால் சரி என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் தள்ளுவிசை 16. கிலோவுக்கு 5 மில்லிக்கு, அதாவது 240 மில்லிக்கு இறக்கினோம். ப்ளாட்டோ 25 ஆனது, தள்ளுவிசை 13.

இதற்கு ஒரு விலை உண்டு. குறைந்த காற்றில் கார்பன் டை ஆக்சைடு முழுதாக வெளியேறாது. அவருக்கு அது 48லிருந்து 58 ஆக ஏறியது, ரத்தத்தின் பிஎச் 7.27 ஆனது. இதைப் பார்த்துப் பழைய அளவுக்கே திரும்பிவிட வேண்டாம். முதலில் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 30க்கு உயர்த்தியதும் பிஎச் 7.30 வந்தது. அதிகபட்சம் 35 வரை போகலாம். கூட்டும்போது ஒவ்வொரு மூச்சும் முழுமையாக வெளியேறுகிறதா என்று திரையில் பார்க்க வேண்டும், இல்லையேல் காற்று உள்ளேயே அடுக்கடுக்காகச் சிக்கிக்கொள்ளும். சற்றே கூடிய கார்பன் டை ஆக்சைடைப் பெரும்பாலான உடல்கள் தாங்கும். மூளைக்குள் அழுத்தம் கூடியிருப்பவர்களுக்கு மட்டும் அது ஆபத்து.

ஒரு மறைவான ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நோயாளியின் மூளை இன்னும் பெரிய மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும். 240 மில்லி போதாமல், அது வெளியேறுவதற்குள் அவர் மறுபடி இழுப்பார். வென்டிலேட்டரும் இன்னொரு 240ஐக் கொடுத்துவிடும். ஒரே மூச்சில் 480! அமைத்த எண் என்னவோ திரையில் அழகாக அப்படியே நிற்கும், நுரையீரல் கிழிந்துகொண்டிருக்கும். காற்றோட்ட வரைபடத்தில் நடுவே வெளிமூச்சு இல்லாமல் இரு மேடுகள் ஒட்டி வந்தால் அதுதான் அடையாளம். உள்மூச்சு நேரத்தையும் மற்ற அமைப்புகளையும் சரிசெய்தும், மயக்க மருந்தை ஆழப்படுத்தியும் அடங்காவிட்டால், சிறிது காலம் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

படி 3: குப்புறப் படுக்க வைப்பதா என்று முடிவெடுப்பது

ரத்த ஆக்ஸிஜன் அழுத்தத்தை, நாம் கொடுக்கும் ஆக்ஸிஜனின் பங்கால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். நம் நோயாளிக்கு 72ஐ 0.8ஆல் வகுத்தால் 90. ஆக்ஸிஜன் 60 சதவீதமோ அதற்கு மேலோ கொடுத்தும், வென்டிலேட்டரைச் சரியாக அமைத்துச் சில மணி நேரம் பார்த்தும் இது 150க்குக் கீழேயே நின்றால், குப்புறப் படுக்க வைக்கும் நேரம் வந்துவிட்டது. எல்லாம் தோற்ற பிறகு கடைசி முயற்சியாக இதை வைத்துக்கொள்வது தவறு. முதல் ஓரிரு நாட்களிலேயே செய்தால்தான் காப்பாற்ற நல்ல நுரையீரல் மிச்சமிருக்கும்.

இது ஏன் உதவுகிறது? மல்லாந்து படுத்திருக்கும்போது ஈரத்தால் கனத்த நுரையீரல் தன் எடையாலேயே முதுகுப் பக்கத்தை அமுக்குகிறது. இதயமும் அதன்மேல் சாய்கிறது, வயிற்றின் எடை உதரவிதானத்தின் பின்பகுதியைத் தள்ளுகிறது. நுரையீரலின் பெரும்பங்கு முதுகுப் பக்கம்தான் இருக்கிறது என்பதால் இழப்பும் பெரிது. குப்புறத் திருப்பினால் இதயம் மார்பெலும்பின்மேல் அமர்ந்துவிடும். மார்பின் முன்பக்கம் படுக்கையில் அழுந்துவதால் காற்று பின்பக்கம் போகும், மூடிக் கிடந்த அறைகள் திறக்கும். முன்பகுதியில் சில அறைகள் மூடும்தான், ஆனால் திறப்பது அதைவிட அதிகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம், ரத்தம் கூடவே இடம் மாறுவதில்லை என்பது. குப்புறப் போட்டால் ரத்தமும் கீழே, மார்புப் பக்கம் இறங்கிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். நுரையீரல் ரத்தக் குழாய்களின் அமைப்பால் ரத்தத்தின் பெரும்பங்கு முதுகுப் பக்கமே தொடர்ந்து ஓடுகிறது. இப்போது அங்கே காற்றும் வந்துவிட்டது. ரத்தமும் காற்றும் மீண்டும் சந்திக்கின்றன.

ஆக்ஸிஜன் ஏறுவது கண்ணுக்குத் தெரியும் பலன். அதைவிடப் பெரியது, காற்று நுரையீரல் முழுவதும் ஓரளவு சமமாகப் பரவுவது. முன்பு ஒரு சின்னப் பகுதி தனியே சுமந்த விரிவை இப்போது பல பகுதிகள் பகிர்ந்துகொள்கின்றன. 2013இல் வெளியான பிரெஞ்சு மருத்துவர் க்ளோத் கெரானின் ஆய்வில், 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் மல்லாந்து இருந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புறப் படுக்க வைத்தவர்களில் 16 சதவீதம். பிறகு அதே தரவுகளை ஆராய்ந்தபோது, ஆக்ஸிஜன் எவ்வளவு ஏறியது என்பதற்கும் உயிர் பிழைத்ததற்கும் தொடர்பு தெரியவில்லை. எனவே திருப்பி ஒரு மணி நேரத்தில் எண் ஏறவில்லையே என்று உடனே மல்லாத்திவிடாதீர்கள்.

நிலையற்ற முதுகெலும்பு முறிவு இருந்தால் திருப்பக் கூடாது. அண்மையில் மார்பெலும்பைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை, மூளை அழுத்தம், முற்றிய கர்ப்பம், மூச்சுக்குழாயில் பெரும் ரத்தக்கசிவு போன்றவற்றில் மூத்த மருத்துவர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். உடல் பருமன் ஒரு தடையே அல்ல.

படி 4: திருப்புவது

குறைந்தது ஐந்து பேர் வேண்டும். டியூபைப் பிடித்துத் தலைமாட்டில் நிற்பவர் சொல்லும் எண்ணிக்கைக்குத்தான் எல்லோரும் அசைய வேண்டும். மற்றவர்கள் பக்கத்துக்கு இருவர்.

தொடங்கும் முன் மூக்குவழி உணவை நிறுத்தி இரைப்பையில் இருப்பதை உறிஞ்சி எடுங்கள். சளியை உறிஞ்சுங்கள். கண்ணில் களிம்பிட்டு இமைகளை மூடி ஒட்டுங்கள், மணிக்கணக்கில் திறந்து அழுந்தினால் விழிப்படலம் புண்ணாகிவிடும். டியூப் பல்வரிசையில் எத்தனையாவது சென்டிமீட்டரில் நிற்கிறது என்று உரக்கச் சொல்லி எழுதுங்கள். ஆக்ஸிஜனை நூறு சதவீதமாக்குங்கள். மார்புக்கும் இடுப்புக்கும் நேரே தலையணைகளை வைத்து, மேலே ஒரு விரிப்பைப் போர்த்தி, அடி விரிப்போடு ஓரங்களைச் சேர்த்து இறுகச் சுருட்டுங்கள். முதலில் வென்டிலேட்டருக்கு எதிர்ப்புறமாகப் படுக்கை விளிம்புக்கு நகர்த்தி, வென்டிலேட்டரைப் பார்த்தவாறு பக்கவாட்டில் நிறுத்தி, அங்கே ஒரு நொடி நின்று டியூபையும் குழாய்களையும் பார்த்துவிட்டு, பிறகு குப்புறப் படுக்க வையுங்கள். இசிஜி ஒட்டிகளை முதுகில் மாற்றி ஒட்டுங்கள்.

திருப்பிய கையோடு டியூபின் அளவை மறுபடி பாருங்கள், இரு பக்கமும் காற்று போகிறதா என்று கேளுங்கள், ப்ளாட்டோவை அளங்கள். மூச்சின் உச்ச அழுத்தம் திடீரென ஏறி ப்ளாட்டோ மட்டும் மாறாமல் இருந்தால், டியூப் மடங்கியிருக்கிறது அல்லது சளி அடைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால், டியூப் ஒரு பக்க நுரையீரலுக்குள் இறங்கிவிட்டதா, நுரையீரல் வெடித்துக் காற்று வெளியே தேங்குகிறதா என்று தேட வேண்டும். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு வரைபடம் தட்டையாகிவிட்டால் டியூப் வெளியே வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள்.

முகம் பார்க்கும் பக்கத்துக் கையை மேலேயும் மற்றதை உடலோடும் வைத்து, நீந்துபவரைப்போல் கிடத்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலையையும் கைகளையும் மாற்றுங்கள். தோளை அளவுக்கு மீறித் தூக்கி விட்டால் கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டு, உயிர் பிழைத்தவருக்குக் கை தூக்க முடியாமல் போய்விடும். படுக்கையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் முக வீக்கம் குறையும். அப்படியும் முகம் வீங்கும், கன்னத்திலும் தாடையிலும் புண் வரலாம். உறவினர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மல்லாத்திய பிறகு அந்த முகத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் மிகவும் பயந்துபோகிறார்கள்.

படி 5: எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது

ஒருமுறை திருப்பினால் குறைந்தது 16 மணி நேரம். மூடிய அறைகள் மெல்லத்தான் திறக்கும் என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரிய பலன் இல்லை.

நம் நோயாளிக்கு முதல் மணி நேரத்தில் விகிதம் 90லிருந்து 120 ஆனது. பதினாறாம் மணி நேரத்தில் ஆக்ஸிஜனை 50 சதவீதமாகக் குறைத்தும் விகிதம் 156. எனக்கு அதைவிட நிம்மதி தந்திருக்கக்கூடிய எண்கள் வேறு: தள்ளுவிசை 13லிருந்து 11 ஆனது, கார்பன் டை ஆக்சைடு 52க்கு இறங்கியது. அதே 240 மில்லி இப்போது பெரிய இடத்தில் பரவுகிறது என்று அவை சொல்கின்றன.

மல்லாத்தி நான்கு மணி நேரம் கழித்து அளந்தபோது விகிதம் மீண்டும் 120. இது தோல்வியல்ல, முதல் முறையில் இப்படி நடப்பது வழக்கம்தான். மறுபடி திருப்பினோம். நான்காவது முறைக்குப் பிறகு, மல்லாந்து நான்கு மணி நேரம் கடந்தும் பீப் 10, ஆக்ஸிஜன் 50 சதவீதத்தில் விகிதம் 160 நின்றது. பீப் 10க்குள், ஆக்ஸிஜன் 60 சதவீதத்துக்குள் 150 கிடைத்தால் நிறுத்தலாம் என்பதே அளவுகோல், ஆகவே அவருக்கு இனி திருப்ப வேண்டியதில்லை. குப்புறப் போட்டும் விகிதம் 80க்குக் கீழேயே பல மணி நேரம் நின்றிருந்தால், ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றும் எக்மோ வசதி உள்ள இடத்துடன் அப்போதே பேசியிருக்க வேண்டும்.

நிறுத்திய அன்றும் மூச்சின் அளவு 240 மில்லியிலேயே இருந்தது. விகிதம் தேறிவிட்டதென்று அளவைக் கூட்டவில்லை. தசை தளர்த்தும் மருந்தை நிறுத்தி, மயக்க மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்து, அவர் தானாக இழுக்கத் தொடங்கியதும் காற்றோட்ட வரைபடத்தில் அந்த இரட்டை மேடுகள் வருகின்றனவா என்று அடுத்த இரண்டு நாட்கள் ஒவ்வொரு பணிமுறையிலும் பார்த்துக் குறித்துவைத்தோம்.